மீந்த இட்லி மாவில் ஊத்தப்பம்: எங்கே தவறுகிறது, எப்படிச் சரிசெய்வது

மூன்று நான்கு நாள் ஆன இட்லி மாவு இட்லிக்கு உதவாது. ஊற்றினால் தட்டையாக, புளிப்பாக வரும். அதை ஊத்தப்பமாக ஊற்றிவிடலாம் என்றுதான் எல்லா வீட்டிலும் முடிவு செய்வோம். ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை அப்படியே கல்லில் ஊற்றினால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: அடி வெளிறிப்போய்த் துவண்டு கிடக்கும், நடுவில் பிசுபிசுக்கும், திருப்பும்போது பாதி வெங்காயம் கல்லில் உதிர்ந்து கருகும்.

காரணம் மாவிலும் இருக்கிறது, அடுப்பு வேலையிலும் இருக்கிறது. மாவைப் பொறுத்தவரை, இட்லிக்கு அரைக்கும்போது அரிசியைக் கொஞ்சம் கொரகொரப்பாக விடுகிறோம். ஆவியில் வேகும் இட்லிக்கு அது நல்லது, கல்லில் முறுகுவதற்கு அது தடை. அதோடு நாள் ஆக ஆக மாவில் இருந்த காற்று வெளியேறிவிடுகிறது, புளிப்பு ஏறுகிறது, தண்ணீர் தனியாகப் பிரிந்து மேலே நிற்கிறது.

அடுப்பு வேலையில் மூன்று விஷயங்கள் மூன்று வெவ்வேறு நேரத்தில் நடக்கின்றன. மேலே தூவுவது ஒட்டிக்கொள்வது மாவை ஊற்றிய முதல் சில நொடிகளில். நடு வேகுவது மூடி போட்டிருக்கும் நேரத்தில். அடி முறுகுவது மூடியைத் திறந்த பிறகு, கடைசியில். எந்தக் குறை வந்தாலும், இந்த மூன்றில் எந்த நேரம் தவறிப்போனது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

கீழே எல்லா அளவும் 2 கப் மீந்த மாவுக்குச் சொல்கிறேன். ஒரு ஊத்தப்பத்துக்கு அரை கப் மாவு என்று வைத்துக்கொண்டால் நான்கு வரும்.

கல்லில் ஊற்றும் முன்: மாவைப் பார்ப்பது

பாத்திரத்தைத் திறந்ததும் கலக்காமல் ஒரு முறை பாருங்கள், முகருங்கள். மேலே தெளிந்த நீர் நின்றால் பயப்பட வேண்டாம், அது பிரிந்த தண்ணீர்தான். மாவு அதிகமாகப் புளித்திருந்தால் அந்த நீரை வடித்துவிடுங்கள். புளிப்பில் ஒரு பங்கு அதோடு போய்விடும். புளிப்பு அளவாக இருந்தால் கலந்துகொள்ளலாம்.

ஆனால் மேலே ரோஜா நிறத்திலோ ஆரஞ்சு நிறத்திலோ, பச்சையாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால், அல்லது புளிப்பு வாடைக்குப் பதில் அழுகல் வாடை வந்தால், முழு மாவையும் கொட்டிவிட வேண்டும். மேலே உள்ளதை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு அடியில் உள்ளதை எடுத்துக்கொள்வது சரியில்லை. கண்ணுக்குத் தெரிவது மேலே என்றாலும் பூஞ்சை உள்ளேயும் இறங்கியிருக்கும்.

நல்ல மாவு என்றால், ஊற்றுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. சில்லென்ற மாவு விழுந்த இடத்தில் கல்லின் சூடு சட்டென்று இறங்கிவிடும். மாவு கல்லைப் பிடித்துக்கொள்ளும், நடு வேக இரண்டு மடங்கு நேரம் ஆகும், அதற்குள் அடி தீய்ந்துவிடும். பல வீடுகளில் கல்லைக் குறை சொல்கிறார்கள், உண்மையில் மாவுதான் சில்லென்று இருந்திருக்கும்.

பதத்தைக் கண்டுபிடிக்கவும் எளிய வழி இருக்கிறது. சூடான கல்லின் நடுவில் அரை கப் மாவை ஊற்றிக் கையை எடுத்துவிடுங்கள். தேய்க்காமலேயே அது நான்கு அங்குலம் அளவுக்குத் தானாகப் பரவி நிற்க வேண்டும். மூன்று அங்குலத்திலேயே குவிந்து நின்றால் கெட்டி, ஒன்றிரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் சேர்க்கலாம். ஆறு அங்குலம் வரை தானே ஓடினால் நீர்த்துவிட்டது. அதில் தோசை வரும், மெத்தென்ற ஊத்தப்பம் வராது. நீர்த்த மாவைச் சரிசெய்ய, இரண்டு மேசைக்கரண்டி ரவையைக் கலந்து 20 நிமிடம் வையுங்கள். ரவை தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

அறிகுறி: அடி வெளிறிப்போய் இருக்கிறது, முறுகவில்லை

பழைய மாவில் அதிகம் வரும் குறை இதுதான். எவ்வளவு நேரம் விட்டாலும் பொன்னிறம் வராது. நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் அடி காய்ந்து தோல் ஆகிவிடுமே தவிர முறுகாது.

இதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. தோசை, ஊத்தப்பம், ரொட்டி எல்லாவற்றிலும் சூட்டில் நிறம் ஏறுவது மாவில் உள்ள சர்க்கரையும் புரதமும் சேர்ந்து செய்யும் வேலை. புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகள் அந்தச் சர்க்கரையைத்தான் தின்று அமிலமாக மாற்றுகின்றன. ஃபிரிட்ஜுக்குள்ளும் அது மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். ஆகவே நான்காம் நாள் மாவில் நிறம் கொடுக்க வேண்டிய சர்க்கரை குறைந்துபோயிருக்கிறது. போதாக்குறைக்கு, ஏறிய புளிப்பும் நிறம் பிடிப்பதைத் தடுக்கிறது. இரண்டாவது காரணம் முன்பே சொன்ன கொரகொரப்பு. கல்லை ஒட்டிச் சீரான மெல்லிய படலமாகப் படிந்தால்தான் மாவு முறுகும். ரவைப் பதத்தில் உள்ள அரிசிக் குருணை அப்படிப் படியாது.

ஆகவே கைவசம் உள்ள 2 கப் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி நைஸ் அரிசி மாவும் அரை தேக்கரண்டி சர்க்கரையும் சேருங்கள். அரிசி மாவை நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். தனிக் கிண்ணத்தில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்றி, அடியிலிருந்து மேலாக மெதுவாகக் கலக்குங்கள். கரண்டியைப் போட்டு அடித்துக் கலக்க வேண்டாம், மிச்சம் இருக்கும் காற்றும் போய்விடும். கலந்து 20 நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். அரிசி மாவு ஊறவில்லை என்றால் சாப்பிடும்போது பச்சை மாவு ருசி தட்டும்.

அரிசி மாவை ஆளுக்கு ஆள் கை நிறைய அள்ளிப் போடுவதைப் பார்க்கிறேன். முறுகும் என்ற ஆசையில் கால் கப், அரை கப் என்று போனால் அடி முறுகும், ஆனால் நடு வறட்சியாகிப் பிட்டால் உதிரும். ஆறிய பிறகு சொல்லவே வேண்டாம், கடிக்க முடியாது. ஒரு கப் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

அப்புறம் எண்ணெய். ஊத்தப்பத்தைச் சுற்றி விடும் எண்ணெய் ஓரத்தில் தேங்கி நின்றால் பயனில்லை, அடிக்குள் போக வேண்டும். ஒன்றரைத் தேக்கரண்டி நல்லெண்ணெயைச் சுற்றிலும் விட்டு, கல்லின் கைப்பிடியைப் பிடித்து லேசாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளமாகப் பொரியும் சத்தம் கேட்டால் எண்ணெய் உள்ளே போய்விட்டது. மூடி போடுவதற்கு முன் பாதி, மூடியைத் திறந்த பிறகு மீதிப் பாதி என்று விடுவது இன்னும் நல்லது. முறுகல் உண்டாவது அந்த இரண்டாவது எண்ணெயில்தான்.

அறிகுறி: அடி தீய்ந்துவிட்டது, நடு வேகவில்லை

இதற்கு முன் பார்த்ததற்கு நேர் எதிர். பொதுவாகத் தீ அதிகம் என்று சொல்லி முடித்துவிடுவோம். ஆனால் வேகாத மாவு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும். ஊத்தப்பத்தைக் குறுக்கே பிய்த்து, வெட்டுப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள்.

வேகாத வெள்ளைப் பட்டை அடிக்குச் சற்று மேலே, முழு அகலத்துக்கும் ஓடினால் கல் அதிகச் சூடு. அடி உடனே இறுகிவிட்டதால் அதற்கு மேல் உள்ள மாவுக்குச் சூடு போய்ச் சேர நேரம் கிடைக்கவில்லை. வெள்ளை நடுப்பகுதியில் மட்டும் வட்டமாக இருந்து ஓரமெல்லாம் வெந்திருந்தால், மாவு நடுவில் குவிந்துவிட்டது, பரப்பியது போதவில்லை. வெள்ளை மேல்பக்கம், வெங்காயத்துக்கு நேர் கீழே இருந்தால் அது பச்சை மாவே அல்ல, காயிலிருந்து இறங்கிய தண்ணீர். இந்த மூன்றாவதுக்குத் தீயைக் குறைத்தாலும் கூட்டினாலும் சரியாகாது, காயைத்தான் கவனிக்க வேண்டும். அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

முதலில் சூடு. இரும்புக் கல் என்றால் நடுத்தரத் தீயில் காயவைத்து, கையை நனைத்து நான்கு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சொட்டுகள் சொர்ரென்று பொங்கி ஓரிரு நொடியில் மறைந்தால் சரியான சூடு. அப்படியே கிடந்து மெதுவாக ஆவியானால் இன்னும் காய வேண்டும். முத்து முத்தாக உருண்டு ஓடினால் மிகவும் காய்ந்துவிட்டது. அப்போது தீயைக் குறைத்து, மீண்டும் தண்ணீர் தெளித்துத் துடைத்து, சிறிது பொறுத்துத்தான் ஊற்ற வேண்டும்.

பிறகு கனம். அரை கப் மாவை நடுவில் ஊற்றி, கரண்டியின் அடிப்பாகத்தால் நடுவிலிருந்து இரண்டே சுற்று, அழுத்தாமல், ஆறு அங்குலம் வரை தள்ளுங்கள். அப்போது கனம் ஆறு ஏழு மில்லிமீட்டர் இருக்கும், வெந்ததும் ஒரு சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் உப்பும். இந்தக் கனத்தில் நடு மெத்தென்றும் இருக்கும், அடி தீய்வதற்குள் வெந்தும் விடும். இதைவிடக் கனமாக வேண்டும் என்று ஆசைப்பட்டால் தீயை முழுக்கச் சிம்மில் வைக்க வேண்டியிருக்கும், அப்போது முறுகல் போய்விடும். பழைய மாவுக்கு அது ஒத்துவராது.

தீயின் வரிசை இப்படி. ஊற்றும்போது நடுத்தரம். தூவி, எண்ணெய் விட்டு, ஒரு நிமிடம் அதே தீயில் திறந்தபடி. பிறகு சிம்முக்குக் கொஞ்சம் மேலே வைத்து மூடி போட்டு இரண்டரை நிமிடம். மூடியைத் திறந்து மீதி எண்ணெயை விட்டு, மறுபடி நடுத்தரத் தீயில் ஒரு நிமிடம். திருப்பி, மேல்பக்கம் ஒரு நிமிடம். மொத்தம் ஐந்தரை நிமிடம் ஆகும். கனமான இரும்புக் கல்லில் சற்றுக் கூடும், மெல்லிய நான்ஸ்டிக்கில் சற்றுக் குறையும். திருப்புவதற்கு முன் நடுவில் ஒரு ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

அந்த மூடிக்கும் ஒரு குறிப்பு: தட்டையான தட்டை வைத்து மூடினால் உள்ளே முத்துமுத்தாக நீர் கோத்து ஊத்தப்பத்தின் மேலேயே சொட்டும். குவிந்த மூடி என்றால் நீர் ஓரமாக வழிந்து இறங்கும். திறக்கும்போதும் நேராக மேலே தூக்காமல், சாய்த்துப் பக்கவாட்டில் இழுத்து எடுங்கள்.

அறிகுறி: வெந்துவிட்டது, ஆனால் நடு ரப்பராக இருக்கிறது

ஈர்க்குச்சி சுத்தமாக வருகிறது, பச்சை வாடை இல்லை, ஆனால் மென்றால் இழுக்கிறது. பிய்த்துப் பார்த்தால் கண் கண்ணாகத் துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரே கட்டியாக இருக்கும். இது காற்றில்லாத மாவு.

மாவை ஊற்றியதும் குனிந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். உயிருள்ள மாவு என்றால் பத்துப் பதினைந்து நொடிக்குள் ஓரத்தில் கடுகளவு குமிழிகள் கிளம்பி உடையும். அவை வரிசையாக நடுவை நோக்கி நகரும். உடைந்த இடமெல்லாம் மூடிக்கொள்ளாமல் துளையாகவே நிற்கும், அதைத் தொடர்ந்து மாவின் பளபளப்பும் ஓரத்திலிருந்து உள்நோக்கி மங்கிக்கொண்டே வரும். செத்த மாவில் அரை நிமிடம் கழித்தும் மேற்பரப்பு ஈரமாகப் பளபளத்துக்கொண்டே இருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய குமிழி வந்து உடைந்து, மறுபடி மூடிக்கொள்ளும்.

முதல் ஊத்தப்பத்தில் இதைக் கண்டால் மிச்ச மாவில் சமையல் சோடா சேர்க்கலாம். ஆனால் அளவு மிக முக்கியம். 2 கப் மாவுக்கு அரைக்கால் தேக்கரண்டி, அதாவது கால் தேக்கரண்டியில் பாதி. ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றி மெதுவாகக் கலந்ததும் மாவு நுரைத்துச் சற்று எழும்பும். மாவின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து வாயுவை உண்டாக்குகின்றன. அதே வேலையில் புளிப்பும் குறைகிறது, புளிப்பு குறைவதால் அடியில் நிறமும் நன்றாக ஏறுகிறது. பழைய மாவின் மூன்று குறைகளுக்கும் இது ஒன்றே மருந்து என்பதால்தான் கை தாராளமாகப் போய்விடுகிறது. கூடினால் ஊத்தப்பம் மஞ்சள் தட்டி, சோப்பு வாடை அடிக்கும், அடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும். அதைத் திருப்பிச் சரிசெய்ய வழி இல்லை.

வரிசையும் மாறக் கூடாது. அரிசி மாவு சேர்த்து 20 நிமிடம் ஊறிய பிறகு, கல் காய்ந்து தயாரான நிலையில், கடைசியாகத்தான் சோடா. சேர்த்ததும் கால் மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் ஊற்றிவிட வேண்டும். முன்கூட்டியே கலந்து வைத்தால் வந்த காற்று மறுபடி போய்விடும். சோடா வேண்டாம் என்பவர்கள், புதிதாகப் பொங்கிய மாவு கையில் இருந்தால் அதில் அரை கப் கலந்துகொள்ளலாம். அதுவே போதும்.

காற்று நன்றாக உள்ள மாவிலும் ரப்பர் வருகிறது என்றால், தோசைத் திருப்பியால் அழுத்தியிருப்பீர்கள். திருப்பிய பிறகு நன்றாக வேகட்டும் என்று மேலே அழுத்துவது பலருக்கும் கைப்பழக்கம். துளைகள் அத்தனையும் அமுங்கிவிடும். திருப்பிய பிறகு கை வைக்கவே வேண்டாம்.

அறிகுறி: மேலே தூவியது உதிர்கிறது

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். வெங்காயம் ஒட்டாததற்கு முதல் காரணம் தாமதம். மாவை ஊற்றி, பரப்பி, எண்ணெய் பாட்டிலைத் தேடி எடுத்து விட்டு, அப்புறம் வெங்காயத்தை எடுக்கப் போவதற்குள் மேலே துளைகள் விழுந்து பரப்பு மங்க ஆரம்பித்திருக்கும். மங்கிய பரப்பு ஏற்கெனவே வெந்த தோல். அதில் எது விழுந்தாலும் மேலேயே கிடக்கும், உள்ளே இறங்காது. பளபளப்பு இருக்கும்போதே தூவிவிட வேண்டும். ஆகவே தூவ வேண்டியதை ஒரு ஊத்தப்பத்துக்கு எவ்வளவோ அவ்வளவாகத் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிறகு கரண்டியைத் தொடுங்கள். முதலில் தூவல், அடுத்து எண்ணெய். இந்த வரிசை மாறினால் ஈரப்பரப்பில் எண்ணெய்ப் படலம் விழுந்து வெங்காயம் வழுக்கும்.

தூவியதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தோசைத் திருப்பியின் அடிப்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்து, மேலிருந்து மெல்லத் தட்டுங்கள். வெங்காயத் துண்டின் பாதி உயரம் மாவுக்குள் இறங்கினால் போதும். அழுத்தித் தேய்த்தால் மாவு ஓரத்தில் பிதுங்கும். முன்பு அழுத்தாதீர்கள் என்று சொன்னது வெந்த ஊத்தப்பத்துக்கு. இது இன்னும் ஈர மாவு என்பதால் தட்டுவதில் துளை எதுவும் கெடாது.

இரண்டாவது காரணம் தண்ணீர். வெங்காயத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசறி வைத்தால் ஐந்து நிமிடத்தில் கிண்ணத்தின் அடியில் நீர் தேங்கும். அந்த ஈரத்தோடு தூவினால் வெங்காயத்துக்கும் மாவுக்கும் நடுவில் நீர்ப்படலம் நிற்கும். மாவு அதைப் பிடிக்காது, அதற்குக் கீழே வேகவும் வேகாது. பிய்த்துப் பார்த்தபோது வெங்காயத்துக்கு நேர் கீழே தெரிந்த வெள்ளைப் பட்டை இதனால் வருவதுதான். ஆகவே வெங்காயத்தில் உப்பு போடாதீர்கள், தேவையான உப்பை மாவிலேயே சேர்த்துவிடுங்கள். தக்காளி என்றால் விதையையும் சாறையும் வழித்தெடுத்துவிட்டு, சதையை மட்டும் பொடியாக நறுக்குங்கள். கேரட் துருவலைக் கையில் வைத்து ஒரு முறை பிழிந்துகொள்ளுங்கள். கொத்தமல்லியைக் கழுவியிருந்தால் துணியில் ஒற்றி எடுத்துத்தான் நறுக்க வேண்டும்.

அளவும் நறுக்கும் விதமும் அடுத்தது. நீளவாக்கில் நறுக்கிய வெங்காயம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒரு முனை மாவுக்குள்ளும் மறு முனை வெளியேயுமாக நிற்கும், திருப்பும்போது கல்லில் மாட்டி மொத்தமாகப் பெயர்ந்து வரும். மூன்று நான்கு மில்லிமீட்டருக்குள் பொடியாக நறுக்கியதுதான் நிற்கும். சின்ன வெங்காயம் என்றால் இன்னும் ருசி. ஆறு அங்குல ஊத்தப்பத்துக்கு எல்லாம் சேர்த்து மூன்று, மிஞ்சிப் போனால் நான்கு மேசைக்கரண்டி. துண்டுகளுக்கு நடுவே மாவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். மாவே தெரியாமல் மூடிவிட்டால் மேல் அடுக்கில் உள்ளது மாவைத் தொடவே இல்லை, பிறகு எப்படி ஒட்டும்? ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் காலியாக விடுங்கள். அங்கேதான் திருப்பி நுழைய வேண்டும்.

இட்லிப்பொடி தூவுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பொடியை முதலில் போட்டு அதன் மேல் வெங்காயம் போட்டால் நிச்சயம் உதிரும், ஏனென்றால் பொடி மாவின் மேல் ஈரத்தை உறிஞ்சி உலர்ந்த படலமாகிவிடுகிறது. வெங்காயத்தைத் தட்டி இறக்கிய பிறகு, இடைவெளிகளில் பொடியைத் தூவி, அதன் மேல் நல்லெண்ணெய் விட்டால் இரண்டும் நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் உதிர்கிறது, அல்லது நிறையக் காய் வேண்டும் என்றால், ஒரு மேசைக்கரண்டி மாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காயைத் தூவித் தட்டியதும் அந்தக் கரைசலை மேலே கோடு கோடாகத் தெளித்துவிட்டால், மூடி போட்ட ஆவியில் அது வெந்து வலை போலப் பிடித்துக்கொள்ளும். காயை மாவிலேயே கலந்துவிடுவதைவிட இது மேல். கலந்து வைத்த மாவில் வெங்காயம் நீர் விட்டுக்கொண்டே இருப்பதால் முதல் ஊத்தப்பம் ஒரு பதமும் நான்காவது வேறு பதமுமாக இருக்கும்.

திருப்பும் நேரமும் முக்கியம். மேற்பரப்பு முழுக்க மங்கி, விரல் வைத்தால் ஒட்டாத நிலையில்தான் திருப்ப வேண்டும். திருப்பியை ஓரத்தில் சுற்றிலும் நுழைத்து அடி முழுவதும் விடுபட்டதா என்று பார்த்துவிட்டு, பாதிக்கு மேல் உள்ளே தள்ளி, தாழ்வாகப் பிடித்து ஒரே வீச்சில் கவிழ்த்துங்கள். உயரத் தூக்கிப் போட்டால் விழும் அதிர்ச்சியிலேயே பாதி உதிரும். கவிழ்ப்பதற்கு முன் கல்லில் அரைத் தேக்கரண்டி எண்ணெய் இருக்க வேண்டும், இல்லையென்றால் வெங்காயம் கல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

அறிகுறி: கல்லில் ஒட்டிக்கொள்கிறது

சில்லென்ற மாவு, காயாத கல் என்ற இரண்டையும் சரிசெய்த பிறகும் ஒட்டினால் கல்லின் மேல் எண்ணெய்ப் பிடிப்பு இல்லை. சப்பாத்தி சுட்ட கல்லிலும், சோப்புப் போட்டுத் தேய்த்த கல்லிலும் இது நடக்கும். அரை வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டு, சூடான கல் முழுவதும் நன்றாகத் தேய்த்துவிட்டு, முதலில் ஒரு சின்ன தோசை ஊற்றி எடுங்கள். அடுத்தது பெயர்ந்து வரும். எண்ணெய் கல்லில் தேங்கி நிற்கக் கூடாது, பளபளப்பு மட்டும் போதும். தேங்கினால் மாவு வழுக்கி, பரப்பவே வராது.

இன்னொன்று, அவசரம். அடி முறுகிய ஊத்தப்பம் தானாகவே கல்லை விட்டுவிடும். திருப்பியால் சுரண்ட வேண்டியிருக்கிறது என்றால் இன்னும் அரை நிமிடம் பொறுக்க வேண்டும் என்று அர்த்தம்.

அறிகுறி: புளிப்பு தூக்கலாக இருக்கிறது

தெளிந்த நீரை வடித்து, அரிசி மாவும் சோடாவும் சேர்த்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு மேலும் இருந்தால் தூவுவதை மாற்றுங்கள். தக்காளி வேண்டாம், அது புளிப்பைக் கூட்டும். வெங்காயமும் கேரட்டும் வெந்ததும் இனிப்பு விடும், அவை பொருந்தும். புளிப்பை மறைக்க உப்பை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து வாயில் வைக்க முடியாமல் போய்விடும்.

அறிகுறி: கல்லில் மொறுமொறுப்பு, தட்டில் வைத்ததும் துவண்டுவிட்டது

கல்லிலிருந்து எடுக்கும்போது சரியாக இருந்தது என்றால் சமையலில் குறை இல்லை, ஆவிதான் காரணம். ஊத்தப்பத்தின் நடு ஈரமாகவும் சூடாகவும் இருக்கிறது. அதை முறுகிய அடி கீழே வரும்படி சில்லென்ற தட்டில் வைத்தால் ஆவி தட்டில் பட்டு நீராகி அடியை நனைக்கும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே உள்ளதன் ஆவியில் மேலே உள்ளதன் அடி நனையும். ஹாட்பாக்ஸில் போட்டு மூடினால் இரண்டே நிமிடம்தான்.

வெங்காயப் பக்கம் ஒரு நிமிடம் வெந்ததும் மறுபடி ஒரு முறை கவிழ்த்து, அடியை நடுத்தரத் தீயில் இருபது நொடி வைத்து எடுத்தால், திருப்பியிருந்த நேரத்தில் மெத்தென்றான அடி மறுபடி உலர்ந்து விறைக்கும். பரிமாற நேரம் ஆகும் என்றால் இடியாப்பத் தட்டு, காய் வடிக்கும் சல்லடை என்று அடியில் காற்று போகும் எதிலாவது போட்டு வையுங்கள். மூட வேண்டாம். சட்னியையும் சாம்பாரையும் பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள்.

நாலு பேருக்கு ஒரே நேரத்தில் பரிமாற வேண்டும் என்றால், எல்லாவற்றையும் திருப்பி வேகவைத்து எடுக்கும் வரை செய்து சல்லடையில் வைத்துக்கொண்டு, அந்தக் கடைசி இருபது நொடியை மட்டும் உட்கார்ந்த பிறகு செய்யலாம். ஆறியிருப்பதால் அப்போது ஒரு நிமிடம் பிடிக்கும். கல்லில் ஒரு சொட்டு எண்ணெயை விட்டு, அடியை மட்டும் சூடு காட்டி, கல்லிலிருந்து நேராக இலைக்கோ தட்டுக்கோ மாற்றுங்கள்.